குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டில் நடப்பது புரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மனநிலை சரியில்லை" என்று சொல்லித் தண்டனையிலிருந்து தப்பிப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை, இரண்டுக்கும் காலமே வேறு. சம்பவம் நடந்த அந்த நேரத்தில் அவர் மனநிலை எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. இன்று, இந்த வழக்கை அவரால் எதிர்கொள்ள முடியுமா என்பது இன்னொரு கேள்வி, இதைத்தான் தகுதி என்கிறோம். கோர்ட்டுக்காக இதை மதிப்பிடும் உளவியலாளராக நான் இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டும்தான். திருடிய அன்று முழுத் தெளிவோடு இருந்த ஒருவர், சிறைக்குப் போன பிறகு மனநோய் முற்றி, எதிரே உட்கார்ந்திருப்பது வழக்கறிஞர் என்றுகூடத் தெரியாத நிலைக்கு வந்துவிடலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்.

"தகுதி" என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இந்த ஏற்பாட்டின் வேர் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இருக்கிறது. 1836இல் பிரிச்சர்ட் என்ற ஒருவர் கோர்ட்டுக்கு வந்தார். காது கேளாது, வாய் பேச முடியாது. அந்த வழக்கில் நீதிபதி ஆல்டர்சன் ஜூரிகளிடம் கேட்டுக்கொண்டது சுருக்கமாக இதுதான்: இவர் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரா, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல முடியுமா, தன் தரப்பைச் சரியாக எடுத்து வைக்கும் அளவுக்கு விசாரணையின் போக்கைப் புரிந்துகொள்ளும் அறிவு இருக்கிறதா?

கிட்டத்தட்ட இருநூறு வருடமாகியும் அடிப்படை அப்படியே இருக்கிறது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை ஆறு திறன்களாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். குற்றச்சாட்டு புரிய வேண்டும். ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று முடிவெடுக்கத் தெரிய வேண்டும். ஜூரியில் ஒருவரை ஆட்சேபிக்க முடிய வேண்டும். தன் வழக்கறிஞரிடம் தன் தரப்பைச் சொல்ல வேண்டும். நடப்பதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். விரும்பினால் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடிய வேண்டும். ஜூரி முறை இல்லாத நாடுகளில் மூன்றாவது இருக்காது. மற்றவை ஏதோ ஒரு வடிவத்தில் எல்லா இடத்திலும் உண்டு.

இதில் ஒன்று பலமாக விழுந்துவிட்டாலே போதும், தகுதி கேள்விக்குரியதாகிவிடும். "ஆறில் நான்கு பாஸ்" என்கிற கணக்கு கிடையாது.

முடிவு சொல்வது நீங்களா?

நீதிபதிதான். இங்கிலாந்துச் சட்டப்படி, தகுதியில்லை என்று தீர்மானிக்கக் குறைந்தது இரண்டு மருத்துவர்களின் சான்று வேண்டும். அதில் ஒருவராவது மனநோய் துறையில் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். உளவியலாளரின் அறிக்கை அதற்குத் துணை. ஆனால் நோயின் பெயர் மட்டும் தெரிந்தால் நீதிபதிக்குப் பாதி விஷயம்தான் தெரியும். இந்த மனிதரால் எத்தனை நிமிடம் கவனிக்க முடியும், எவ்வளவு நீளக் கேள்வியில் தடுமாறுகிறார் என்பதைக் கொண்டுவந்து வைப்பது எங்கள் வேலை.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் கண்ணாடி, காது கேட்கும் கருவி, மருந்து, தூக்கம் ஆகிய நான்கையும் விசாரிப்பதில்தான் ஆரம்பிக்கும். சிரிக்க வேண்டாம். "எதுவும் புரிந்துகொள்வதில்லை" என்று அனுப்பப்பட்டவர் கேட்கும் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நான் யார் என்று சொல்வேன். "நான் உங்களுக்குச் சிகிச்சை தர வரவில்லை. நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்காது, அறிக்கையாகக் கோர்ட்டுக்குப் போகும். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டாம்." இதை அவரே தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் கிடையாது, உண்மையில் முதல் சோதனையே இதுதான். "நீங்க டாக்டர், என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்க" என்று ஒருவர் சொன்னால், மூன்று வாக்கியத்தை அவரால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை என்று ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

சம்பவத்தைப் பற்றி அளவோடுதான் கேட்பேன். வழக்கறிஞரிடம் அவரால் கோர்வையாகச் சொல்ல முடியுமா என்று பார்க்கும் அளவுக்கு மட்டும். அவர் செய்தாரா இல்லையா என்பது என் வேலை இல்லை.

"ஜட்ஜ் யார், வக்கீல் யார்?" என்று கேட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறே இதுதான். ஒருவரை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். இவர் ஒரே மனிதர் அல்ல, பலரிடம் கண்டதைச் சேர்த்து அமைத்தது.

வயது 23. இரவில் ஒரு கடைக்குள் இரண்டு பேர் புகுந்து திருடியபோது வெளியே காவலுக்கு நின்றார் என்பது குற்றச்சாட்டு. பள்ளியில் சிறப்பு வகுப்பில் படித்தவர், நுண்ணறிவு ஈவு 62. வழக்கறிஞர் என்னிடம் அனுப்பியதற்குக் காரணம், மூன்று சந்திப்பில் மூன்று பதில். முதல் நாள் "நான் செய்யலை", அடுத்த வாரம் "ஒத்துக்கிறேன்", அதற்கடுத்து "நீங்க சொல்றபடி".

ஜட்ஜ் என்ன செய்வார்? "தீர்ப்பு சொல்வார்." உங்கள் வழக்கறிஞர்? "எனக்கு உதவி செய்வார்." அரசு வழக்கறிஞர்? "எனக்கு எதிரா பேசுவார்." எல்லாம் சரி. இங்கேயே நிறுத்தியிருந்தால் "புரிகிறது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

பத்து நிமிடம் கழித்து வேறு பேச்சுக்கு நடுவே, "உங்க வக்கீல் போலீஸ் பக்கம்தானே?" என்றேன். "ஆமாம்" என்றார். அதற்கு முன்னால் "உங்க வக்கீல் உங்க பக்கம்தானே?" என்றபோதும் "ஆமாம்"தான். இப்படிப்பட்டவர்கள் வாழ்நாள் முழுக்க ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். புரியவில்லை என்று காட்டிக்கொண்டால் கேலி செய்வார்கள், தலையாட்டினால் விட்டுவிடுவார்கள். அதனால் அதன்பிறகு ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளை அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டாக வேண்டிய இடத்தில் இதுவா அதுவா என்று கேட்டு, அடுத்த முறை வரிசையை மாற்றிக் கேட்டேன்.

"ஒத்துக்கிறேன்" என்பதை அவர் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பதற்கு வருவோம். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்றேன். "நல்லது." ஏன் நல்லது? "சீக்கிரம் முடியும், வீட்டுக்குப் போயிடலாம்." ஒப்புக்கொண்ட பிறகு தண்டனை வரும் என்ற கண்ணி அவர் மனதில் இல்லவே இல்லை.

சரி, தெரியவில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதும் கற்க முடியாமல் இருப்பதும் வேறு வேறு. கோர்ட் பக்கமே போகாத எத்தனையோ பேருக்கு இதெல்லாம் தெரியாதுதான். அதனால் சொல்லிக் கொடுத்தேன். தாளில் இரண்டு கதவு வரைந்தேன். ஒன்றின் மேல் "நான் செய்தேன்", அதற்குப் பின்னால் தண்டனை. இன்னொன்றின் மேல் "நான் செய்யவில்லை", அதற்குப் பின்னால் சாட்சிகள், பிறகு முடிவு. உடனே திருப்பிச் சொன்னார். அது கிளியின் பதிலாகவும் இருக்கலாம். அரை மணி நேரம் கழித்துக் கேட்டபோது இரண்டு கதவும் நினைவிருந்தது, தண்டனை என்ற சொல் மட்டும் விட்டுப்போயிருந்தது. படத்தைக் காட்டியதும் அவரே சொன்னார்.

அடுத்தது எனக்கு முக்கியமானது. கற்றதை வேறொரு ஆளுக்குப் பொருத்த முடிகிறதா? "ஒருத்தர் நண்பனுக்காகத் தெருவில் நிற்கிறார். நண்பன் உள்ளே திருடுவது அவருக்குத் தெரியாது. கோர்ட்டில் எந்தக் கதவு?" கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "செய்யலைங்கற கதவு. அவனுக்குத்தான் தெரியாதே." யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த ஒரு பதிலுக்கு நான் கொடுக்கும் எடை, முதலில் வந்த மூன்று சரியான பதிலுக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிட அதிகம்.

கடைசியாக, தொடர்ந்து கவனிப்பது. இந்த வழக்கோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை மூன்று நிமிடம் படித்தேன். ஆரம்பத்தில் சிவப்புச் சட்டை, முடிவில் கறுப்புச் சட்டை என்று வேண்டுமென்றே ஒரு முரண் வைத்திருந்தேன். முழுதாகப் படித்தபோது அவர் கண் ஒரு நிமிடத்துக்குள் ஜன்னலுக்குப் போய்விட்டது. அதேபோல இன்னொரு வாக்குமூலத்தை, வேறொரு முரணோடு, நாற்பது நொடித் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே நிறுத்தினேன். மூன்றாவது துண்டில் கையைத் தூக்கினார். "அவன் முதல்ல பஸ்ல வந்தேன்னான், இப்ப நடந்து வந்தேங்கறான்."

ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். தண்டனை விஷயம் மறந்திருந்தது, ஐந்து நிமிடத்தில் மீண்டும் பிடித்துக்கொண்டார். ஆனால் "நீங்க அங்கேதான் நின்னீங்க, இல்லையா?" என்கிற மாதிரிக் கேள்விக்கு அன்றைக்கும் வளைந்து கொடுத்தார். அதைச் சரிசெய்ய என்னால் முடியவில்லை.

நுண்ணறிவு ஈவு 62 என்றால் தகுதியில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி ஒரு கோடு எந்தச் சட்டத்திலும் கிடையாது. முதலில், 62 என்பதே துல்லியமான எண் அல்ல. அளவீட்டுப் பிழையைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 57க்கும் 67க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டாவது, மொத்த எண் பல திறன்களின் கலவை. கோர்ட்டில் உதவுவது சொல்லைப் புரிந்துகொள்வதும், கேட்டதைச் சில நொடி மனதில் தாங்கி வைத்திருப்பதும்தான். கட்டங்களை அடுக்கும் பகுதியில் வாங்கிய மதிப்பெண் குறுக்கு விசாரணையில் உதவாது. எளிமையான, ஒரே சாட்சியுள்ள வழக்கை எதிர்கொள்ளக் கூடியவரே, ஆறு வாரம் நடக்கும் பண மோசடி வழக்கில் திணறிப்போகலாம். அதனால்தான் எந்த வழக்கு, எத்தனை நாள், எத்தனை சாட்சி என்று முன்கூட்டியே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவேன்.

சட்டமெல்லாம் நன்றாகப் பேசுகிறாரே, அவருக்குமா சந்தேகம்?

அவர்தான் எங்களுக்குக் கடினமானவர். பிரிவு எண்ணெல்லாம் சொல்வார், கோர்ட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்பதுகூடத் தெரியும். ஆனால் தன் வழக்கறிஞரின் பற்களில் ஒலிவாங்கி வைத்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவார். அதனால் அவரிடம் ஒரு உண்மையும் பேசமாட்டார். பொதுவாகக் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் வரும். "உங்கள் வழக்கில் இந்த ஜட்ஜ் எப்படி முடிவெடுப்பார்?" என்று அவர் விஷயத்துக்கு வந்தால்தான் வெளிவரும்.

இந்த இடத்தில் சட்டங்களே பிரிகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1960இல், டஸ்கி வழக்கில், விவரம் தெரிந்தால் மட்டும் போதாது, அறிவுபூர்வமான புரிதலும் வேண்டும் என்றது. இங்கிலாந்தில் வாசல் குறுகலானது. 1968இல் ராபர்ட்சன் வழக்கில், ஒருவர் மன மயக்கத்தால் தனக்கு நன்மை தராத முடிவை எடுக்கக்கூடும் என்பதே தகுதியின்மை ஆகாது என்றார்கள். என் கருத்தைக் கேட்டால், அமெரிக்கச் சோதனைதான் நிஜ மனிதர்களுக்குப் பொருந்துகிறது. ஆனாலும் அறிக்கை எழுதும்போது அந்த நாட்டுச் சட்டத்தின் கேள்விக்குத்தான் பதில் எழுத வேண்டும், என் விருப்பத்துக்கு அல்ல.

நடிக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து அல்ல. சிறைக் காவலரிடம் கேண்டீன் கணக்கில் ஒரு பைசா விடாமல் வாதாடுகிறவர், என் அறைக்கு வந்ததும் இரண்டும் ஒன்றும் எவ்வளவு என்று தெரியாதவராக மாறினால் கவனிப்பேன். நிஜமாகவே சிரமப்படுகிறவர்கள் எளிதானதில் தேறிக் கடினமானதில் விழுவார்கள். நடிப்பவர்களுக்கு எது எளிது என்று தெரியாது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விழுவார்கள்.

நினைவாற்றலை வைத்துச் செய்யும் சோதனைகளும் உண்டு. பெயர்களைச் சொல்லப்போவதில்லை, தெரிந்துகொண்டு வந்துவிட்டால் பிறகு அவை உதவாது. அடிப்படை மட்டும் சொல்கிறேன். 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடையில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 25 கிடைக்க வேண்டும். ஒருவர் 15 மட்டும் எடுத்தால், குருட்டாம்போக்கில் அப்படி அமைவது ஆயிரத்தில் மூன்று நான்கு தடவைதான். அப்படியென்றால் சரியான விடை தெரிந்தே அதைத் தவிர்த்திருக்கிறார் என்று நினைக்க வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் 30, 35 என்று வந்தால் அவசரப்படக் கூடாது. அறிவுத்திறன் குறைந்தவர்கள் நேர்மையாகவே அங்கே வந்து நிற்பார்கள்.

இன்னொன்று. மிகைப்படுத்துகிறார் என்பதாலேயே தகுதியுள்ளவர் ஆகிவிட மாட்டார். உண்மையான குறையும் கொஞ்சம் நடிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம்.

சம்பவமே நினைவில்லை என்கிறார். அது போதுமா?

போதாது. 1959இல் லண்டனில் காவல்துறை அதிகாரியைச் சுட்டதாகப் பொடோலா என்பவர் மேல் வழக்கு. எதுவும் நினைவில்லை என்றார். ஜூரிகள் நம்பவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருபடி மேலே போய், மறதி உண்மையாகவே இருந்தாலும், இப்போது மனம் தெளிவாக இருக்கும்வரை அது தகுதியின்மை ஆகாது என்றது. புதிதாகக் கேட்பதையே தங்கவைக்க முடியாத நினைவுக் கோளாறு என்றால் கதை வேறு. அங்கே காலையில் சாட்சி சொன்னது மதியத்துக்குள் காணாமல் போய்விடும்.

தகுதியில்லை என்று முடிவானால் விட்டுவிடுவார்களா?

தானாக விடுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அந்தச் செயலை அவர் செய்தாரா என்பதை மட்டும் ஜூரி தனியாகப் பார்க்கும். செய்யவில்லை என்றால் விடுதலை. செய்தார் என்றால் மருத்துவமனை உத்தரவு, மேற்பார்வை உத்தரவு, அல்லது நிபந்தனையின்றி விடுவிப்பது என்று மூன்று வழி. குற்றவாளி என்ற தீர்ப்பு கிடையாது.

இந்த ஏற்பாடு சரியாக இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜாக்சன் வழக்கு இருக்கிறது. அவருக்கும் காது கேளாது, பேச முடியாது, அறிவுத்திறனும் குறைவு. இரண்டு வழிப்பறிக் குற்றச்சாட்டு, மொத்தப் பெறுமானம் 9 டாலர். தகுதி திரும்பும் வரை அடைத்து வையுங்கள் என்றார்கள். அவருக்கு அது எப்போதாவது வருமா என்பதே சந்தேகம் என்பதுதான் மருத்துவர்கள் சொன்னது. 1972இல் உச்ச நீதிமன்றம், திரும்புமா என்று தெரிந்துகொள்ளத் தேவையான நியாயமான காலத்துக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் அடைத்து வைக்க முடியாது என்றது.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கியதும் தகுதி பெரும்பாலும் திரும்பிவிடும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ. பிறவியிலிருந்தே உள்ள அறிவுத்திறன் குறைவில் மருந்துக்கு வேலை இல்லை. அங்கே கோர்ட் கொஞ்சம் வளைந்து கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அந்த இளைஞர் விஷயத்தில் என்ன எழுதினீர்கள்?

ஏற்பாடுகள் செய்தால் எதிர்கொள்ள முடியும், அவை இல்லாவிட்டால் முடியாது என்று எழுதினேன். "ஏற்பாடுகள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள், அதனால் ஒவ்வொன்றாக எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து எளிய சொல்லில் விளக்க ஒரு தொடர்பு உதவியாளர். ஒரு கேள்வியில் ஒரு விஷயம். "இல்லையா?" என்று முடியும் கேள்வி வேண்டாம். 25 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை, அதில் அதுவரை நடந்ததை அவரே சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதை அன்று காலையில் அந்தக் கதவுப் படத்தை வைத்து மறுபடி பேச வேண்டும்.

ஆறு திறனில் சாட்சி சொல்வதுதான் பலவீனம் என்பதையும் மறைக்கவில்லை. குறுக்கு விசாரணையில் இரண்டு தடவைக்கு மேல் முன்னுக்குப் பின் முரணாக "ஆமாம்" சொன்னால் விசாரணையை நிறுத்தித் தகுதியை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதினேன். எந்த வாக்கியத்தில் தலையாட்டினார், எதில் யோசித்துச் சொன்னார் என்று என் கேள்வியும் அவர் பதிலும் அப்படியே பின்னிணைப்பில் இருந்தன. நான் எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று நீதிபதி கேட்டால், காட்டுவதற்கு என்னிடம் இருப்பது அதுதான்.